ட்ரேஸ்ரூட்டின் முதல் வரி

அந்த மின்னஞ்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். மருத்துவமனைகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை எனக்கு. அலுவலகம் பெங்களூரில் இருந்தது. கர்ப்பமாக இருந்தபோதே கெஞ்சிக் கேட்டு, வீட்டிலிருந்து செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலையைத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு உள்ளறையில், தூளிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துதான் வேலை செய்தேன். ஒரு காலால் தூளியைத் தள்ளுவேன், இரண்டு கையால் தட்டுவேன்.

மின்னஞ்சலில் நான்கு வரிகள்தான். கடந்த இரண்டு வாரத்தில் உங்கள் இணைப்பு பலமுறை விட்டுப் போயிருக்கிறது. திறந்த குறிப்புகள் முடிக்கப்படாமல் திரும்பிவிட்டன. திங்கட்கிழமைக்குள் இணைப்பு சீராக இருப்பதற்கான சோதனை முடிவை அனுப்பவும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அலுவலகத்துக்கு வர வேண்டும்.

அலுவலகத்துக்கு என்றால் பெங்களூருக்கு. அதிகாலையில் பஸ் ஏறினால் இரவில்தான் திரும்ப முடியும். இல்லை, அங்கேயே ஒரு ஹாஸ்டலில் தங்க வேண்டும். பால் குடிக்கும் பிள்ளையை யாரிடம் விடுவது? என் அம்மா இல்லை. மாமியார் என் மூத்தாரின் வீட்டில், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடு. என் கணவர் தர்மபுரி–சேலம் பஸ்ஸில் கண்டக்டர். அவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடும், ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்து வாங்கிய வேலையை, இணையம் மெதுவாக இருந்தது என்ற காரணத்துக்காக விட்டேன் என்று என்னால் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. என்னிடமே சொல்லியிருக்க முடியாது.

விட்டுவிட்டுப் போவது உண்மைதான். ஒரு குறிப்பைத் திறப்பேன். பக்கம் பாதி வரும். பிறகு நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில சமயம் அரை நிமிடம், சில சமயம் மொத்தமாக வெளியே தள்ளிவிடும். ஆனால் வேறு சில நேரங்களில் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடும். அதுதான் எனக்குப் புரியவில்லை. கெட்டுப் போயிருந்தால் எப்போதும் கெட்டுப் போயிருக்க வேண்டுமே?

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியின் ஐடி பிரிவுக்குப் போன் செய்தேன். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சென்னைப் பேச்சு.

"மேடம், ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க. முதல்ல பிங். நம்ம சைட்டுக்கு ஒரு சின்ன மெசேஜ் போகும், திரும்பி வரும், எத்தனை மில்லி செகண்ட் ஆச்சுன்னு காட்டும். வரலைன்னா டைம்டு அவுட்னு காட்டும். சரியா? அதுல லேட் ஆகுதா, இல்ல தொலைஞ்சு போகுதான்னு மட்டும்தான் தெரியும். எங்க ஆகுதுன்னு தெரியாது. அதுக்குத்தான் ட்ரேஸ்ரூட். உங்க வீட்டுல இருந்து நம்ம சைட் வரைக்கும் நடுவுல எத்தனை ரவுட்டர் இருக்கோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வரும். ஒரு வரியில மூணு டைம். அந்த ரவுட்டர் வரைக்கும் போயிட்டு வர ஆகிற டைம், மூணு தடவை."

கல்லூரியில் நான் படித்தது உயிர்வேதியியல். கறுப்புத் திரையில் எதையும் தட்டியதில்லை. ஆனாலும் அவள் சொன்னதை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்வது எனக்குப் பிடித்த வேலை. அதில் தவறு வந்தால் என் தவறாக இருக்காது என்ற தைரியம்.

பிள்ளை தூங்கும்வரை காத்திருந்தேன். தட்டும் சத்தத்தில் விழித்துக்கொள்வான் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பிங் அடித்தேன். 34, 33, 36, 34. எதுவும் தொலையவில்லை. பிறகு ட்ரேஸ்ரூட். வரிகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து எழுதுவது போல வந்தன. மொத்தம் ஒன்பது.

முதல் வரி எங்கள் வீட்டு வைஃபை பெட்டி. 2, 1, 3. அதை நான் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவது வரி, எங்கள் பகுதிக்கு இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரருடைய கருவி. 190, 211, 185. மூன்றாவது வரியில் நேரமே இல்லை, வெறும் மூன்று நட்சத்திரங்கள். பக்கத்தில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று இருந்தது. அதற்குப் பிறகு 28, 30, 29 என்று போய், கடைசியில் எங்கள் கம்பெனி தளம்: 34, 33, 36.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரியில் நூற்றுத் தொண்ணூறு. மூன்றாவதில் பதிலே இல்லை. என் வீடு சரி, கம்பெனி சரி, நடுவில் இருப்பவர்தான் கோளாறு.

ஐடி பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"லாஸ்ட் லைன் முப்பத்தி நாலுதானே மேடம் காட்டுது? நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்குங்க. ஆனா ரெண்டாவது லைனப் பாருங்க. மூணாவது லைன் பதிலே சொல்லல."

"ம்ம். அது உங்க ப்ரொவைடர். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு மெயில்ல எழுதுங்க, அவர் நம்பரும் போடுங்க. நான் பேசிடறேன்."

எழுதினேன். நாகரிகமாகத்தான் எழுதினேன். 'கோளாறு என் வீட்டில் இல்லை. இணைப்பு வழங்குபவரின் பகுதியில் இருப்பது சோதனையில் தெரிகிறது.' அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேனே ஒழிய, எழுதியது உண்மையா என்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கேபிள்காரர் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தினார், ஆனால் உள்ளே வரவில்லை. எப்போதும் வந்தால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். என் கணவரைவிட வயதில் மூத்தவர், ஒரே மாதா கோயில் பங்குக்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நெட்டு சரியில்லீங்ணா, வந்து பாருங்கன்னா வர மாட்டேனா?"

"இல்லீங்ணா, கம்பெனியில கேட்டாங்க..."

"கம்பெனியில கேட்டாங்களா? அந்தப் பொண்ணு என்னைக் கேக்கறா பாரு கேள்வி, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி. உங்க நெட்வொர்க்குல ப்ராப்ளமாம், எழுத்துல குடுத்திருக்காங்களாம். இந்தத் தெருவுல பதினோரு வூடு. பத்து வூட்டுல நல்லா ஓடுது. உங்க வூட்டுல மட்டும் எப்பிடிம்மா ஓடாம போவும்? நாய் கடிச்சி வெச்சிருக்குதான்னு காலையில இருந்து கம்பம் கம்பமா ஒயர் பாத்துட்டு வர்றேன்."

"ரெண்டாவது லைன்ல நூத்தித் தொண்ணூறு காட்டுச்சுங்ணா."

"என்ன லைனோ. எனக்கு ஒளி வர்றது தெரியும், வராதது தெரியும். உன் பெட்டிக்கு வெளிச்சம் சரியா வருது. வேணும்னா வேற ஆளுகிட்ட மாத்திக்கம்மா."

அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். வண்டியைக் கிளப்பும்போது, "புள்ளைக்கு ஜலதோஷம் தேவலாமா?" என்று மட்டும் கேட்டார். தேவலாம் என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று பகல் முழுதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. நான் எழுதியது சரிதானே, எண்கள் பொய் சொல்லுமா என்று ஒரு மனம். பத்து வீட்டில் ஓடுகிறதே என்று இன்னொரு மனம். பிள்ளைக்குக் கூழ் கிண்டும்போது அடிப்பிடித்துவிட்டது. தூக்கிக் கொட்டிவிட்டுத் திரும்பக் கிண்டினேன். அன்றைக்கும் வேலை நேரத்தில் இரண்டு முறை வட்டம் சுற்றியது. ஒரு இதய நோயாளியின் குறிப்பு பாதியில் என் கையைவிட்டுப் போனது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். பையைக் கழற்றி மாட்டிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்த ஒன்பது வரிகளையும் பார்த்தார். கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடுகிற மனிதர். ஆனால் வரிசையாக எண்கள் எழுதிய தாள் என்றால் அவருக்கு அது ட்ரிப் ஷீட், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வண்டி போன நேரத்தைக் குறிக்கிற தாள்.

"இது என்ன, ஸ்டாப்பா?"

"அந்த மாதிரிதான். மொத ஸ்டாப்பு நம்ம வூடு. கடைசி கம்பெனி. நடுவுல ஒவ்வொரு எடத்துக்கும் போயிட்டு வர எத்தன நேரம்னு."

"ஒவ்வொண்ணும் இங்கிருந்து கணக்கா? இல்ல, முந்தின ஸ்டாப்புல இருந்தா?"

நான் குறிப்பைப் புரட்டினேன். "இங்கிருந்துதான்."

"அப்பன்னா இந்த ரெண்டாவது ஸ்டாப்பு பொய் சொல்லுது."

"எப்பிடிங்க?"

"தொப்பூர்ல லாரி கவுந்து பஸ்ஸு நிக்குதுன்னு வெய்யி. முக்கா மணி நேரம் லேட்டு. அப்புறம் ஓமலூருக்கு எப்பிடிப் போவும்?"

"லேட்டாத்தான்."

"சேலத்துக்கு?"

"அதுவும் லேட்டாத்தான்."

"இங்க ரெண்டாவதுல நூத்தித் தொண்ணூறு. நாலாவதுல இருவத்தி எட்டு. ஒம்பதாவதுல முப்பத்தி நாலு. ரெண்டாவதுல அவ்வளவு லேட்டான வண்டி நாலாவதுக்கு எப்பிடி டயத்துக்குப் போயிருக்கும்? பறந்தா போச்சு? வண்டி லேட்டாகலடி. அந்த ஸ்டாண்டுல டைம் கீப்பர் லேட்டா எழுதியிருக்கான். வண்டிங்கள அனுப்பறதுதான் அவனுக்கு மொத வேல. மணி என்னன்னு கேக்கறவனுக்குப் பதில் சொல்றது ரெண்டாவது வேல."

"அப்ப மூணாவது? பதிலே இல்லியே."

"அவன் சீட்டுலயே இல்ல. டீ குடிக்கப் போயிட்டான். ஆனா வண்டி அவனத் தாண்டித்தான நாலாவதுக்குப் போயிருக்குது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சூடாகிவிட்டது. பிறகு ஐடி பெண்ணிடம் கேட்டபோது அவளும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னாள். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் தங்களுக்கே வரும் கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொல்லும், சில பதிலே சொல்லாது, அப்படியே அமைத்திருப்பார்கள். ஒரு வரியில் தொடங்கிய தாமதம் அதற்குப் பின்னால் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால்தான் அங்கே கோளாறு என்று பார்க்க வேண்டும். அதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் 'லாஸ்ட் லைன் நல்லாத்தானே இருக்கு' என்று சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

"சரி, இந்த ட்ரிப்புல வண்டி லேட்டே இல்ல," என்றார் கணவர், தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. "லேட்டான ட்ரிப்போட ஷீட்டு எங்க?"

அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இணைப்பு விட்டுப் போகும்போதெல்லாம் நான் குறிப்பைக் காப்பாற்றப் பதறிக்கொண்டிருந்தேன், அல்லது பிள்ளை அழுதுகொண்டிருந்தான். சோதனையைப் பிள்ளை தூங்கிய பிறகு, முன்னறைக்கு வந்து, அமைதியாக உட்கார்ந்து செய்தேன். ஒரு கடமையை ஒழுங்காகச் செய்கிற மாதிரி. ஆனால் இணைப்பு விட்டுப் போனது ஒருநாளும் முன்னறையில் இல்லை. வேலை நடந்ததும், வட்டம் சுற்றியதும் உள்ளறையில், தூளிக்குக் கீழே.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைப் பாயில் போய் உட்கார்ந்தேன். கணவர் பிள்ளையோடு நிலைவாசலில் நின்றார். ட்ரேஸ்ரூட் அடித்தேன். முதல் வரி வர நேரமானது.

412. அடுத்து ஒரு நட்சத்திரம். அடுத்து 7.

இரண்டாவது வரி 630. அதற்கப்புறம் எல்லாமே ஏறுமாறாக, நட்சத்திரமும் எண்ணுமாகக் கடைசி வரி வரைக்கும் போனது.

"மொத ஸ்டாப்புலயே லேட்டு," என்றார். "டிப்போவ வுட்டே வண்டி கெளம்பல."

பிங்கை எங்கள் சொந்த வைஃபை பெட்டிக்கு மட்டும் அடித்தேன். ஊரைத் தாண்டக்கூட இல்லை, இருபது அடி தூரம். 3. 840. ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். 5. 1260. ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்.

நான் தலையைத் தூக்கி அறைச் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையிலிருந்து உள்ளே வரும் வழியின் மேல், பரண். பரணில் வைஃபை பெட்டி. அது எப்படி அங்கே போனது என்பதையும், அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோ பார்த்தேன். வைஃபை அலைகள் கைக்குழந்தையின் மூளையைத் தாக்கும் என்று ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார். உயிர்வேதியியல் படித்தவள்தான். இது அரைகுறைப் பேச்சு என்று தெரிந்தது. ஆனால் தெரிந்ததற்கும் பயத்துக்கும் நடுவில் அன்றைக்குப் பாலம் எதுவும் இல்லை. பெட்டி அப்போது உள்ளறைச் சுவரில், தூளிக்கு நேர் எதிரே இருந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டு மாற்றி வைக்கச் சொன்னேன். ஏன் என்றார். பிள்ளை ஒயரை இழுத்துவிடுகிறான் என்றேன். மூன்று மாதப் பிள்ளை! அவர் பிள்ளையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா இழுப்பான் போலிருக்கு," என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு, பரணில் தடை ஏதும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் ஏணியில் ஏறினேன். என் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, இரண்டு எவர்சில்வர் தாம்பாளம், எல்லாம் அந்தப் பரணில்தான் சும்மா கிடந்தன. அண்டாவை நகர்த்திப் பெட்டிக்கும் உள்ளறைச் சுவருக்கும் நடுவில் வைத்தேன். பக்கத்தில் தவலை. இடைவெளியில் தாம்பாளங்களை நிறுத்தினேன். உலோகம் அலைகளைத் தடுக்கும் என்று பள்ளியிலேயே படித்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

தடுக்கட்டும் என்றுதான் வைத்தேன். தடுத்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏணியை எடுத்து வந்து, அண்டாவைக் கீழே இறக்கினார். தவலையை இறக்கினார். தாம்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி வீடே அதிர்ந்தது. பிள்ளை கை தட்டினான். நான் மறுபடி பிங் அடித்தேன். 4, 3, 3, 9, 4. இருபது வரி பார்த்தேன், ஒன்றும் தொலையவில்லை.

"பாத்தியா? முடிஞ்சுது."

முடியவில்லை. அண்டா இறங்கிவிட்டது, சரி. இப்போது அந்த அலைகள் நேராகத் தூளிக்கு வரும். அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். என் கைப்பேசி பிள்ளையின் தலைமாட்டிலேயே கிடக்கும், அதற்கு நான் எந்த அண்டாவையும் வைத்ததில்லை. இருந்தும் வாயில் வந்துவிட்டது.

"இத இப்பிடியே வுட்டுறலாமாங்க?"

அவர் ஏணியின் நடுப்படியில் நின்று என்னைப் பார்த்தார். "அண்டாவ மறுபடியும் மேல ஏத்தச் சொல்லாத, தாயி. இடுப்பு போயிரும்."

ஒயர் போட்டுவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான். பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு நேராக ஒரு ஒயர். அலை வேண்டாம், சுவர் வேண்டாம், எதுவும் குறுக்கே வராது. ஐடி பெண்ணும் அதைத்தான் சொன்னாள்: "ஒயர்ல போட்டீங்கன்னா இன்னும் ஸ்டெடி மேடம். திங்கக்கிழமை ஒன் ஹவர் பிங் கேப்பாங்க, ஒயர்லயே பண்ணுங்க." அந்த ஒயரும், அதன் இரண்டு முனையிலும் மாட்ட வேண்டிய கண்ணாடி போன்ற முனையும், அதைக் கடித்துப் பொருத்தும் கருவியும் அந்த வட்டாரத்தில் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

போன் எடுத்தேன், வைத்தேன். என்னவென்று தொடங்குவது? மன்னிச்சுக்குங்கண்ணா என்றா, ஒரு ஒயர் வேணுங்ணா என்றா? ஒயருக்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைப்பார். மன்னிப்பை மட்டும் கேட்டுவிட்டு வைத்தால், திங்கட்கிழமை என்ன செய்வது?

ஞாயிறு பூசைக்குப் போனோம். எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கேபிள்காரர் நடுவழியை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நற்கருணைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் கை கூப்பி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பித் தலை குனிந்தார்கள். அவரும் திரும்பினார். முன்வரிசைக்கு, பின்வரிசைக்கு, எங்கள் பக்கத்துக்கு. என் முகத்துக்கு வந்ததும் அந்தக் கை கூப்பியபடியே நின்றது. பார்வை மட்டும் இறங்கி என் இடுப்பிலிருந்த பிள்ளைக்குப் போனது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அவனுக்கு மட்டும் சமாதானம் சொல்லிவிட்டு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு நற்கருணை வாங்கப் போகக் கால் வரவில்லை. எல்லோரும் வரிசையில் போக, நான் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து வெளியே புங்கமரத்தடியில் அவர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் நின்றேன்.

"அண்ணா, உங்க லைன்ல ஒண்ணுமில்ல. என் வூட்டுலதான். பெட்டிக்குக் குறுக்க அண்டா வெச்சிருந்தேன்."

அவர் தேடுவதை நிறுத்தினார். "என்னாது?"

"பித்தள அண்டா. தவல. ரெண்டு தாம்பாளம்."

"நான் வெச்சிட்டுப் போன பெட்டிக்கா?"

"புள்ளைக்கு அலை படக் கூடாதுன்னு."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் புங்கமரத்தைப் பார்த்தார்.

"ஒயர இழுக்கறான்னு சொன்னியே?"

"பொய்யிங்ணா."

"நான் ரெண்டு நாளா கம்பம் ஏறி எறங்கறேன். இவ அண்டா வெச்சிக் கொழம்பு காய்ச்சியிருக்கா," என்றார், யாரிடமோ சொல்வது போல. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் குரல் பழைய குரலாக இருந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்லுவா?"

"நான் எழுதறேங்ணா. நாளைக்குக் காலையில. உங்களுக்குக் காட்டிட்டுத்தான் அனுப்புவேன்."

ஒயர் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கணவர்தான் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேபிள்காரர் வந்தார். பெட்டியிலிருந்து சுவர் ஓரமாக ஒயரை இறக்கி, நிலைப்படியைச் சுற்றி, ஆணி அடித்துக் கொண்டுவந்து, உள்ளறையில் பாய்க்குப் பக்கத்தில் விட்டார். எட்டு இழைகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி முனையில் செருகி, கருவியால் ஒரு கடி. கீழே கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் காலை வைத்து ஏறிப் பரணை எட்டிப் பார்த்தவர், "கனமான சாமான். நல்லாத்தான் தடுக்கும்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. நொடிக்கு ஒன்றாக மூவாயிரத்து அறுநூறு பிங், ஒரு மணி நேரம். முடிவை ஒரு கோப்புக்குள் எழுதச் சொல்லும் கட்டளையை ஐடி பெண் அனுப்பியிருந்தாள். தட்டிய பிறகுதான் தெரிந்தது, கோப்புக்குள் போவதால் திரையில் எதுவும் வராது. கறுப்பு. ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியாது. நிறுத்திப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் அந்த ஒயரின் முனையை நான்கு முறை அழுத்திப் பார்த்தேன். மின்சாரம் போய்விடுமோ என்று விளக்கைப் பார்த்தேன். பிள்ளை எழுந்தான். தூக்கிப் பால் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். பெங்களூர் ஹாஸ்டல் அறை ஒன்று மனதில் வந்தது. நான் பார்த்தே இராத அறை. அதில் ஒரு இரும்புக் கட்டில், மேலே மின்விசிறி, அந்தக் கட்டிலில் பால் கட்டிய மார்போடு நான். அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, கைப்பேசியில் திருத்த மின்னஞ்சலை எழுதத் தொடங்கினேன்.

'வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய அறிக்கை தவறு. கோளாறு முதல் வரியில், என் வீட்டுக்குள் இருந்தது. இணைப்பு வழங்குபவரின் பகுதியில் எந்தக் குறையும் இல்லை.' இப்படி எழுதினால் கம்பெனி என்ன நினைக்கும்? தன் வீட்டுக் கோளாறையே தெரியாமல் அடுத்தவரைச் சொன்னவள், நோயாளிகளின் குறிப்புகளை எப்படிப் படிப்பாள் என்று நினைக்காதா? 'தவறு' என்பதை 'முழுமையற்றது' என்று மாற்றினேன். படித்துப் பார்த்தேன். மறுபடி 'தவறு' என்றே போட்டேன். அதை அப்படியே கேபிள்காரருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு செய்தி: 'அண்டாவையும் எழுது.'

அண்டாவை எழுதவில்லை. 'உலோகப் பொருட்கள்' என்று எழுதினேன்.

பத்து மணிக்குக் கறுப்புத் திரையில் மறுபடி வரி வந்தது. கோப்பைத் திறந்து நேராகக் கீழே போனேன். அனுப்பியது 3600. வந்தது 3598. தொலைந்தது 2. பக்கத்தில் அதுவே பூஜ்ஜியம் சதவீதம் என்று கணக்குப் போட்டிருந்தது. இரண்டு தொலைந்திருக்கிறதே, எப்படிப் பூஜ்ஜியம் என்று எனக்கு உடனே கவலை. அந்த இரண்டையும் தேடி மேலே மேலே போனேன். நொடிக்கு ஒரு வரி என்று கணக்குப் போட்டால், ஒன்பதே காலுக்கு ஒன்று. ஒன்பது நாற்பதுக்கு ஒன்று, அது நான் ஒயரை அழுத்திய நேரமாக இருக்கலாம்.

இரண்டையும் ஒன்றாக அனுப்பினேன். சோதனை முடிவும், திருத்தமும். பதில் மதியம் வந்தது. மேலதிகாரி ஒரே வரியில், கிடைத்தது, வீட்டிலிருந்தே தொடரவும், அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார். திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைப் படித்தார்களா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. ஐடி பெண் மட்டும் கேபிள்காரருக்குப் போன் செய்து ஸாரி சொன்னாள் என்று அவர் பிறகு சொன்னார்.

அண்டா ஒரு வாரம் தரையிலேயே கிடந்தது. அதற்கப்புறம் ஒருநாள், கணவர் டூட்டிக்குப் போயிருந்தபோது, நானே மெல்ல ஏற்றி அதே இடத்தில் வைத்தேன். ஒயர் இருக்கிறதே, இப்போது அது எதற்குக் குறுக்கே நிற்கப் போகிறது.

பிள்ளை அடுத்த மாதம் தவழத் தொடங்கினான். தவழ்ந்து அவன் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்த ஒயர். பிடித்து ஒரே இழுப்பு, இரண்டு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணா, புள்ள ஒயர இழுத்துட்டான்," என்றேன்.

அந்தப் பக்கம் வண்டியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"மொதல்ல அண்டாவப் பாத்துட்டுச் சொல்லு," என்றார்.